எந்த ஊர் பிரியாணி, எத்தனை பேருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டன் பிரியாணி செய்முறை சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். எந்த ஊர் ஸ்டைல், எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்கிறீர்களே, அது அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். ஊருக்கு ஊர் மசாலா மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம் அரிசி எங்கே, எந்தத் தண்ணீரில் வேகிறது என்பதில் இருக்கிறது. ஆம்பூரில் அரிசியைத் தனியாக உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, வெந்த கறி மசாலாவில் சேர்த்துத் தம் போடுவார்கள். திண்டுக்கல்லில் வடிப்பது கிடையாது, கறி வெந்த தண்ணீரையே அளந்து அதிலேயே அரிசியைப் போட்டு வேகவைப்பார்கள். ஐதராபாத் கச்சி பிரியாணியில் பச்சைக் கறியை ஊறவைத்து அடியில் பரப்பி, மேலே அரைகுறையாக வெந்த பாஸ்மதியைப் போட்டு மூடி, இரண்டையும் ஒன்றாக வேகவைப்பார்கள்.

இந்த மூன்றில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்று தெரியாமல் "ஒரு கப் அரிசிக்கு எத்தனை கப் தண்ணீர்" என்று எழுதவே முடியாது. வடிக்கும் முறையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, வடிக்காத முறையில் எல்லாமே அந்தக் கேள்விதான். ஆள் கணக்கும் அப்படித்தான், 4 பேருக்கு குக்கர் போதும், 30 பேருக்கு வேறு பாத்திரம், வேறு அடுப்பு, தண்ணீர்க் கணக்கும் வேறு. அதனால் கேட்கும்போதே ஊர், கறி எது, எத்தனை பேர், அதில் சின்னப் பிள்ளைகள் எத்தனை, வீட்டில் இருக்கும் அரிசி எது, எதில் சமைக்கப்போகிறீர்கள், இவ்வளவையும் ஒரே வரியில் சொல்லிவிட்டால் நேரே அளவுக்குப் போய்விடலாம்.

ஆம்பூர் ஸ்டைல் மட்டன் பிரியாணி, 6 பேருக்கு. அளவோடு வேண்டும். அடிகனமான பாத்திரம் இருக்கிறது.

பெரியவர் ஒருவருக்கு 125 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு பேருக்கு 750 கிராம் சீரக சம்பா. ஆம்பூர் கணக்கில் அரிசியும் கறியும் சம எடை, ஆக எலும்போடு கூடிய ஆட்டுக்கறி 750 கிராம், நடுத்தரத் துண்டுகளாக. கடலை எண்ணெய் 150 மில்லி, பெரிய வெங்காயம் 300 கிராம், தக்காளி 300 கிராம், பூண்டு 75 கிராம், இஞ்சி 60 கிராம், தயிர் அரை கப், புதினாவும் மல்லித்தழையும் ஒவ்வொரு கைப்பிடி, பட்டை 3 துண்டு, கிராம்பு 5, ஏலக்காய் 5. கடைசியாக இந்தப் பிரியாணியின் உயிர், நீட்டு வற்றல் மிளகாய் 16. கரம் மசாலாப் பொடி, சோம்பு, மிளகு, மல்லித்தூள் எதுவும் வேண்டாம். ஆம்பூர் பிரியாணி லேசான மசாலா உள்ள பிரியாணி, அதில் நாக்கில் நிற்க வேண்டியது கறியும் மிளகாயும் பூண்டும்தான்.

மிளகாயின் காம்பைக் கிள்ளி, காரம் குறைவாக வேண்டுமானால் விதையை உதறிவிட்டு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்துக்கொள்ளுங்கள். இஞ்சியையும் பூண்டையும் தனித்தனியாக அரையுங்கள், ஏனென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடப்போவதில்லை.

எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலம், உடனே பூண்டு விழுது. அது பொன்னிறத்துக்குத் திரும்பும்போது இஞ்சி விழுது. முதலிலேயே இஞ்சியைப் போட்டால் அது அடியில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பூண்டும் வறுபடாது. அப்புறம் நீளமாக நறுக்கிய வெங்காயத்தில் பாதி, அது வதங்கியதும் மிளகாய் விழுது. இங்கே அவசரப்படக் கூடாது, மிதமான தீயில் பச்சை வாடை போய் எண்ணெய் ஓரத்தில் சிவப்பாகப் பிரிந்து நிற்கும் வரை வதக்க வேண்டும், அந்த எண்ணெய்தான் பிறகு ஒவ்வொரு அரிசிக்கும் நிறம் கொடுக்கும்.

இப்போது கறியைப் போட்டு, இரண்டு தேக்கரண்டி கல்லுப்பு சேர்த்து, ஐந்தாறு நிமிடம் பிரட்டுங்கள். மீதி வெங்காயம், தக்காளி, புதினா, மல்லி, தயிர் எல்லாம் சேர்த்து மூன்று கப் தண்ணீர் விட்டு மூடிவையுங்கள். இளங்கறி என்றால் முக்கால் மணி நேரம், கொஞ்சம் முற்றியது என்றால் ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகலாம். கறியை விரலால் அழுத்தினால் பிய்ந்து வர வேண்டும், ஆனால் எலும்பைவிட்டுத் தானாகக் கழன்றுவிடக் கூடாது, ஏனென்றால் தம்மில் இன்னும் இருபது நிமிடம் அது வேகப்போகிறது. அந்த நேரத்தில் பாத்திரத்தில் கறி மூழ்கி அதற்கு மேல் ஒரு விரல்கடை அளவு மசாலா நிற்க வேண்டும், இந்த அளவுக்குச் சுமார் இரண்டரை கப். அதைவிட அதிகமாக இருந்தால் திறந்துவைத்துச் சுண்டவையுங்கள், குறைந்தால் வெந்நீர் விடுங்கள். ஆம்பூர் பிரியாணி குழைவதும் வறண்டுபோவதும் பெரும்பாலும் இந்த இடத்தில் தீர்மானமாகிறது.

கறி வெந்துகொண்டிருக்கும்போதே அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நாக்கில் வைத்தால் நன்றாகக் கரிக்கும் அளவுக்கு உப்புப் போடுங்கள். அரிசிக்கு உள்ளே உப்பு இறங்க வேறு வழி இல்லை, மேலே தூவும் உப்பு மசாலாவோடு நின்றுவிடும். அரிசியைப் போட்டு, மறுபடி கொதி வந்த பிறகு நாலைந்து நிமிடத்தில் ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். வெளியே மெத்தென்று, நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் அதுதான் முக்கால் பதம். உடனே வடித்து, சூடு ஆறுவதற்குள் கொதிக்கும் கறி மசாலாவில் கொட்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் பக்கவாட்டில் தள்ளி இரண்டே முறை கலந்துவிடுங்கள். மூடி, மூடியின் மேல் கரி நெருப்புப் போட முடிந்தால் நல்லது, வீட்டில் முடியாது என்றால் அடியில் தோசைக்கல் வைத்து, மூடிமேல் கொதிநீர்ப் பாத்திரம் ஏற்றி, சிறு தீயில் 20 நிமிடம். அணைத்த பிறகும் 10 நிமிடம் திறக்காதீர்கள். திறந்து கிளறும்போது ஓரத்திலிருந்து அடியோடு அள்ளி மேலே புரட்டுங்கள், நடுவில் கரண்டியைக் குத்தினால் சீரக சம்பா உடைந்துபோகும்.

மிளகாய் ஊறவைத்து அரைக்க நேரமில்லை. மிளகாய்த்தூள் போட்டால் என்ன?

சாப்பிடலாம், ஆனால் ஆம்பூர் ருசி வராது. தூள் சூடான எண்ணெயில் சில நொடிகளிலேயே கருகும், அதனால் எல்லோரும் பயந்து கொஞ்ச நேரம்தான் வதக்குவார்கள், பச்சை வாடை அப்படியே நின்றுவிடும். அரைத்த விழுதில் தண்ணீர் இருப்பதால் நிதானமாக வதங்கும், மிளகாய்த் தோலின் சதையும் சேர்ந்து மசாலாவுக்குக் கொழகொழப்புத் தரும். கடைத்தூளில் சில சமயம் மல்லியும் கலந்திருக்கும், அது போட்டால் குழம்பு மணம் வந்துவிடும். நேரம்தான் பிரச்சினை என்றால் மிளகாயைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் வேகவிட்டு அரையுங்கள்.

திண்டுக்கல் ஸ்டைல், 4 பேருக்கு. 5 லிட்டர் குக்கர்தான் இருக்கிறது, அதில் வருமா?

நன்றாகவே வரும், மூன்று முறைகளில் குக்கருக்கு ஒத்துவருவது இதுதான். 4 பேருக்கு அரைக் கிலோ சீரக சம்பா, 250 மில்லி கப்பில் அளந்தால் சுமார் இரண்டரை கப். அரைக் கிலோ கறி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தரச்சொல்லுங்கள், திண்டுக்கல்லில் துண்டு சிறியதாகத்தான் இருக்கும், மசாலா உள்ளே ஏறுவதற்கும் சீக்கிரம் வேகுவதற்கும் அது வசதி. சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 15 பல், இஞ்சி இரண்டு அங்குலம், பச்சை மிளகாய் 5, புதினாவும் மல்லியும் ஒவ்வொரு கைப்பிடி, தயிர் அரை கப், எலுமிச்சை ஒன்று. தக்காளி ஒன்றுக்கு மேல் வேண்டாம், புளிப்புத் தயிரிலிருந்தும் எலுமிச்சையிலிருந்தும்தான் வர வேண்டும். மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி போதும், இந்தப் பிரியாணி சிவப்பாக இருக்கக் கூடாது, இளம் பழுப்பில் இருக்கும்.

பட்டை இரண்டு துண்டு, கிராம்பு 4, ஏலக்காய் 3, அன்னாசிப்பூ ஒன்று, ஒரு சிறு ஜாதிபத்திரி இதழ், அரைத் தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி மிளகு, இவற்றை லேசாகச் சூடு காட்டிப் பொடியுங்கள். அன்றைக்குப் பொடித்த மசாலாதான் திண்டுக்கல் மணத்துக்குக் காரணம், டப்பாவில் ஒரு மாதம் கிடந்த பொடியில் அது வராது. எண்ணெயும் நெய்யுமாக 100 மில்லி காயவைத்து, ஒரு பிரியாணி இலை போட்டு, அரைத்த சின்ன வெங்காயத்தை முதலில் நன்றாக வதக்கி, அப்புறம் இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், புதினா மல்லி விழுது, பொடித்த மசாலா, மிளகாய்த்தூள், தக்காளி, கறி, தயிர், உப்பு என்று சேர்த்து, இரண்டரை கப் தண்ணீர் விட்டு நாலு விசில் வையுங்கள்.

பிறகுதான் முக்கியமான வேலை, குக்கரைத் திறந்து கறியை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் தண்ணீரைக் கப்பால் அளந்து பாருங்கள். பலர் இதைச் செய்யாமல், கறிக்கு விட்ட தண்ணீரை மறந்து, அரிசிக்கு என்று தனியாக முழு அளவும் விடுவார்கள், சோறு கஞ்சியாகிவிடும். கறியும் தக்காளியும் தயிரும் விட்ட நீர் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். குண்டு போட்டு மூடப்போகிறீர்கள் என்றால் மொத்தம் மூணேமுக்கால் கப், அதாவது ஒன்றுக்கு ஒன்றரை. குண்டு போடாமல் திறந்து கொதிக்கவிட்டுக் கடைசியில் மட்டும் மூடப்போகிறீர்கள் என்றால் நாலரை கப். பற்றாததற்கு வெந்நீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் விருப்பம் இரண்டாவது முறை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 20 நிமிடம் ஊறி வடித்த அரிசியைப் போட்டு, உப்பு பார்த்து (தண்ணீர் கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் சோறு சரியாக இருக்கும்), அரிசியும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை திறந்தே கொதிக்கவிடுங்கள். மேலே குழி குழியாகக் கண் விட ஆரம்பித்ததும் எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி நெய் விட்டு, மூடி, தோசைக்கல்லின் மேல் வைத்துச் சிறு தீயில் 12 நிமிடம், அணைத்து இன்னொரு 10 நிமிடம். எலுமிச்சையை முன்னாலேயே கறியோடு வேகவிட்டால் மணம் போய்ப் புளிப்பு மட்டும் நிற்கும், அதனால்தான் கடைசியில்.

ஐதராபாத் தம் பிரியாணி 8 பேருக்கு வேண்டும். வீட்டில் சீரக சம்பாதான் இருக்கிறது, அதிலேயே செய்யலாமா?

வேண்டாம். பச்சைக் கறி வேகும் வரை மேலே இருக்கும் அரிசியும் ஆவியிலேயே இருக்க வேண்டும், அது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. நீளமான பழைய பாஸ்மதி அந்த நேரத்தைத் தாங்கும். சீரக சம்பா சின்ன அரிசி, அது இருபது நிமிடத்திலேயே வெந்துவிடும், மீதி நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும். சீரக சம்பாதான் என்றால் அன்றைக்கு ஆம்பூர் செய்யுங்கள், ஐதராபாத் வேண்டுமென்றால் ஒரு கிலோ பாஸ்மதி வாங்கிவிடுங்கள்.

எட்டு பேருக்கு அந்த ஒரு கிலோ அரிசியோடு ஒன்றேகால் கிலோ இளங்கறி. 700 கிராம் வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கிச் சிவக்கப் பொரித்து, அதில் முக்கால் பங்கைக் கையால் நொறுக்கிக் கறியில் போடுங்கள். 400 கிராம் தயிர், தோலோடு அரைத்த பச்சைப் பப்பாளி விழுது இரண்டு மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது நாலு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், பச்சை மிளகாய், கரம் மசாலா, புதினா, மல்லி, எலுமிச்சைச் சாறு, வெங்காயம் பொரித்த எண்ணெயில் ஒரு கப், உப்பு, எல்லாம் கலந்து குறைந்தது நாலு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊற வேண்டும். பப்பாளி இல்லாமல் செய்தால் கறி வேகுவதற்குள் அரிசி குழையும். அதையே அள்ளிப் போட்டால் கறி நார் நாராகக் கரைந்துவிடும், இரவு முழுக்க ஊறப்போகிறது என்றால் ஒரு மேசைக்கரண்டியே போதும்.

அரை மணி நேரம் ஊறிய பாஸ்மதியை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, பருக்கையை நகத்தால் அழுத்தினால் மூன்று துண்டாக உடையும் பதத்தில் அரித்தெடுத்துக் கறியின் மேல் பரப்புங்கள், கலக்கக் கூடாது. மேலே மீதி வெங்காயம், நெய், குங்குமப்பூ ஊறிய பால். மூடியைச் சுற்றி மைதா அல்லது கோதுமை மாவு ஒட்டி, முதல் பத்து நிமிடம் நல்ல தீ, ஆவி முட்டுவது தெரிந்ததும் தோசைக்கல் மேல் மாற்றிச் சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். 15 நிமிடம் அமர்ந்த பிறகு திறக்கலாம். கறி குளிர்பெட்டியிலிருந்து வந்த சில்லிப்போடு நேரே அடுப்பில் ஏறினால் இந்த நேரக் கணக்கு தப்பிப்போகும், ஒரு மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்துவையுங்கள்.

ஆம்பூர் பிரியாணியையே வீட்டு விசேஷத்துக்கு 30 பேருக்குப் போட வேண்டும். 6 பேர் அளவை 5 மடங்காக்கினால் போதுமா?

அரிசிக்கும் கறிக்கும் போதும், மற்றவற்றுக்குப் போதாது, சிலவற்றுக்கு அதிகமாகவும் ஆகிவிடும். முதலில் தலையை எண்ணுங்கள். 30 பேரில் 8 பேர் பத்து வயதுக்குக் கீழே என்றால் அவர்கள் நாலு பெரியவருக்குச் சமம், ஆக 22 பேரும் 4 பேரும் சேர்ந்து 26. தலைக்கு 125 கிராம் வீதம் 3.25 கிலோ அரிசி, 3.25 கிலோ கறி. 6 பேர் அளவைப்போல் நாலேகால் மடங்குக்குச் சற்று மேல்.

வெங்காயம், தக்காளி இரண்டும் அதே விகிதத்தில் ஏறும், ஒவ்வொன்றும் 1.3 கிலோ. இஞ்சி, பூண்டும் அப்படியே. மிளகாய் கணக்குப்படி 69 வரும், 60 போட்டு ஆரம்பியுங்கள், கூட்டத்தில் காரம் தாங்காதவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பட்டை, கிராம்பு, ஏலம் முழு மடங்கு போடாதீர்கள், பெரிய பாத்திரத்தில் நீண்ட நேரம் மூடியே வேகுவதால் மணம் வெளியே போவது குறைவு, பட்டை 13 துண்டுக்குப் பதில் 9 போதும். எண்ணெய் 650 மில்லிக்குப் பதில் அரை லிட்டர், ஏனென்றால் எண்ணெய் வேண்டியது பாத்திரத்தின் அடிப்பரப்புக்கு, அது நாலு மடங்கு பெரிதாவதில்லை.

தண்ணீர்தான் பெரும்பாலோருக்குத் தவறுகிற இடம். கறிக்கு மூன்று கப் என்பதை அப்படியே பெருக்கி 13 கப் ஊற்றினால் மசாலா ரசம்போல நிற்கும். சிறு பாத்திரத்தில் கறி வேகும்போது ஆவியாகப் போகும் பங்கு அதிகம், பெரிய பாத்திரத்தில் ஆழம் அதிகம், மேல்பரப்பு அந்த அளவுக்குப் பெருகாது, ஆகவே போகும் பங்கு குறைவு. எட்டு கப்பில் ஆரம்பியுங்கள், பக்கத்தில் கொதிக்கும் தண்ணீர் தயாராக இருக்கட்டும். உப்பும் கணக்கிட்டதில் பத்தில் ஒரு பங்கைக் கையில் நிறுத்திக்கொண்டு, கறி வெந்த பிறகு ருசி பார்த்துச் சேருங்கள்.

தம் போடும் பாத்திரம் 22 லிட்டருக்குக் குறையக் கூடாது, முக்கால் பாகத்துக்கு மேல் நிறைந்தால் கிளறவும் முடியாது, ஆவி மேலேயும் சுற்றாது. அரிசி வேகவைக்க இன்னொரு பாத்திரத்தில் 16 லிட்டர் தண்ணீர். மூன்றேகால் கிலோ அரிசியைக் கொட்டினால் கொதி அடங்கிவிடும், திரும்ப வர நேரம் எடுக்கும், அந்த நேரத்திலும் அரிசி ஊறிக்கொண்டேதான் இருக்கும். வடிக்கவும் ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் கடைசி அரிசி இன்னும் கொஞ்சம் வெந்துவிடும். அதனால் முக்கால் பதம் வரை காத்திருக்காமல் பாதிப் பதம் தாண்டியதுமே இரண்டு பேராக நின்று வடிக்க ஆரம்பியுங்கள். இந்த அளவுக்கு வீட்டு கேஸ் அடுப்பு போதாது, பெரிய பர்னர் அல்லது விறகு வேண்டும், தம்முக்கு அந்த விறகிலிருந்தே கங்கு எடுத்து மூடிமேல் பரப்பலாம். அடி நெருப்பை மட்டும் நம்பினால் மேல் அரிசி வேகுவதற்குள் அடி கருகிவிடும். நேரம் 30 நிமிடம் கொடுங்கள்.

இவ்வளவு பேருக்கு நான் திண்டுக்கல் முறையைச் சொல்ல மாட்டேன். பழக்கப்பட்ட சமையல்காரர் அண்டாவில் அதையும் போடுவார், ஆனால் வீட்டாருக்கு மூன்று கிலோவுக்கு மேல் தண்ணீர்க் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் அடி அரிசி மேல் பாரத்தில் நசுங்கிவிடும். திண்டுக்கல்தான் வேண்டுமென்றால் இரண்டு பாத்திரமாகப் பிரித்துச் செய்யுங்கள்.

10 பேர் என்றேன், ஒன்றேகால் கிலோ அரிசி என்றீர்கள். எங்கள் வீட்டில் நிறைய மீந்துவிட்டதே?

கூட வேறு என்ன செய்திருந்தீர்கள்? 125 கிராம் என்பது பிரியாணியும் பச்சடியும் மட்டும் இருக்கும் மதியச் சாப்பாட்டுக்கு. கறி வறுவல், பரோட்டா, இனிப்பு என்று இலை நிறைய இருந்தால் 80 கிராம் போதும். இரவுச் சாப்பாடு என்றால் 100. வயதானவர்கள் அதிகம் இருக்கும் வீட்டிலும் 100 வைத்துக்கொள்ளலாம்.

பாஸ்மதியில் ஆம்பூரோ திண்டுக்கல்லோ செய்தால்?

ஆம்பூர் முறையில் சமாளிக்கலாம், அரிசியைத் தனியாகத்தானே வேகவைக்கிறோம், அரை மணி நேரம் ஊறவைத்து அதே முக்கால் பதத்தில் வடித்துவிடுங்கள். திண்டுக்கல்லுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அங்கே கறித்தண்ணீரை அரிசி குடித்து, சின்ன அரிசியின் மேலெல்லாம் மசாலா ஏற வேண்டும், பாஸ்மதியின் சொந்த மணம் அன்று பொடித்த மசாலாவோடு மோதும். சீரக சம்பா கிடைக்காத வெளிநாட்டில் இருந்தால் கேரளக் கடைகளில் கைமா என்று விற்கும் அரிசியை வாங்குங்கள், தலச்சேரி பிரியாணிக்குப் போடுவது அதுதான், அளவிலும் குணத்திலும் மிக நெருக்கம்.

ஆம்பூர் ஸ்டைலிலேயே சிக்கன், 5 பேருக்கு?

அரிசி 625 கிராம், கோழி 750 கிராம், கொஞ்சம் பெரிய துண்டாக. மிளகாய் 12, மற்றதெல்லாம் 6 பேர் அளவில் ஆறில் ஐந்து பங்கு. தண்ணீர் மட்டும் ஒரே ஒரு கப், கோழி தானே நிறைய நீர் விடும், 15 நிமிடத்தில் வெந்தும் விடும். மட்டனுக்கு விட்ட தண்ணீரை விட்டு, அது சுண்டட்டும் என்று காத்திருந்தால் கோழி சக்கையாகிவிடும்.

சோறு மேலே நறுக்கென்று இருக்கிறது, அடியில் குழைந்திருக்கிறது. இப்போது என்ன செய்ய?

தீ அதிகமாகவும் ஆவி வெளியேறும்படியும் இருந்திருக்கிறது. கிளறாதீர்கள். மேலே இருக்கும் அரிசியின் மீது கால் கப் கொதிநீரைத் தெளித்து, ஈரத்துணியோ வாழையிலையோ பரப்பி, மூடியை இறுக்கி, தோசைக்கல்லின் மேல் மிகச் சிறு தீயில் எட்டு நிமிடம் வையுங்கள். முழுவதுமே குழைந்துவிட்டால் மீட்க வழியில்லை, அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டால் இன்னும் குழையாமலாவது நிற்கும். அடி பிடித்த வாடை வந்தால் உடனே மேல்பகுதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், சுரண்ட வேண்டாம், சுரண்டினால் வாடை முழுவதும் ஏறிவிடும்.

செட்டிநாடு ஸ்டைல் பிரியாணி, 4 பேருக்கு?

திண்டுக்கல் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள், முறையும் அதுவே. சோம்பை ஒரு தேக்கரண்டி ஆக்கி, கொஞ்சம் கல்பாசி, இரண்டு மராட்டி மொக்கு, இன்னொரு அன்னாசிப்பூ தாளிப்பில் சேருங்கள். கல்பாசி விரல் நுனி அளவுக்கு மேல் போனால் கசக்கும்.

ஆம்பூர் பிரியாணிக்குக் கொடுக்கும் அந்தக் கத்திரிக்காய், 6 பேருக்கு எப்படி?

சின்னக் கத்திரிக்காய் அரைக் கிலோ, காம்பை வெட்டாமல் நாலாகக் கீறி, நல்லெண்ணெயில் தோல் சுருங்கும் வரை வதக்கி எடுத்துவையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எள், இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வறுத்து அரையுங்கள். அதே எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, தக்காளி ஒன்று, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி (இங்கே தூள் சரிதான், புளித்தண்ணீரில் கொதித்துவிடும்), மல்லித்தூள், மஞ்சள், பிறகு எலுமிச்சை அளவு புளியின் கரைசல். கொதித்து வாடை போனதும் எள் கடலை விழுதும் கத்திரிக்காயும் சேர்த்து எண்ணெய் மேலே மிதக்கும் வரை சிறு தீயில் விடுங்கள். பிரியாணியில் புளிப்பு குறைவு, அதை ஈடுகட்டுவது இந்தக் கத்திரிக்காய்தான், ஆகவே புளியைக் குறைக்காதீர்கள். இதைக் காலையிலேயே செய்து வைத்துவிட்டால் மதியத்துக்குள் புளி கத்திரிக்காய்க்கு உள்ளே இறங்கிவிடும், அடுப்பும் பிரியாணிக்குக் காலியாகக் கிடைக்கும்.